நூலக வாரத்துக்கு ஒரு கும்மிப் பாட்டு: 'வாரம் ஒரு புத்தகம்' எழுதும் முறை முழுவதும்

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். முதல் நாளே குழந்தைகள் தினமாகவும் அமைந்துவிடுவதால் பல ஊர்களில் பள்ளியும் ஊர்ப்புற நூலகமும் சேர்ந்தே விழா நடத்துகின்றன. விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது நூலகர் வந்து, "வாரம் ஒரு புத்தகம் படிக்கணும்னு பிள்ளைங்களுக்குப் பதியற மாதிரி ஒரு கவிதை எழுதிக் குடுங்க சார்" என்பார். ஆசிரியரோ, வாசகர் வட்டத்தில் எழுதத் தெரிந்த ஒருவரோ அன்று இரவு உட்கார்ந்து எழுதுவார். மறுநாள் வருவது அநேகமாக இப்படி இருக்கும்:

அறிவு வளரவே நூலகம் சென்றிடு
அன்றாடம் புத்தகம் வாசித்திடு

இதில் சொன்னது எதுவும் தப்பில்லை. ஆனால் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைக் கேட்டதும் கண்முன்னே எதுவும் வராது. 'அறிவு' எப்படி இருக்கும், எந்தக் கிழமை போக வேண்டும், போனால் எத்தனை பக்கம் படிக்க வேண்டும் என்று பாட்டில் இல்லை. ஓசையிலும் ஓர் இடறல் இருக்கிறது; அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு பாட்டை அடிமுதல் நுனிவரை எழுதிக் காட்டுகிறது. வடிவம் கும்மி. பொருள், ஒரு பிள்ளை ஒரு புத்தகத்தோடு கழிக்கும் ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை எடுத்து, சனிக்கிழமை முடித்து, மறு ஞாயிறு மாற்றுவது வரைக்கும்தான் பாட்டு. 'படி படி' என்று சொல்வதைவிட, படிப்பது எப்படி நடக்கும் என்று நாள் நாளாகக் காட்டிவிட்டால் பிள்ளை தானே கணக்குப் போட்டுக்கொள்ளும் என்பது என் எண்ணம்.

முதல் வேலை: நூலகத்துக்குப் போய் நிற்பது

பேனாவை எடுக்கும் முன் உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். வாசலில் இருக்கும் பலகையில் வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் பாருங்கள். தமிழ்நாட்டில் பல கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. இது தெரியாமல் 'வெள்ளி தோறும் நூலகம் செல்' என்று எழுதினால், பாட்டை நம்பிப் போன பிள்ளை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும். பகுதிநேர நூலகம் என்றால் நேரமும் குறைவு. அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, குழந்தைப் புத்தகங்கள் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று பாருங்கள். கைக்கு எட்டும் அடித்தட்டிலா, நூலகர் எடுத்துக் கொடுக்க வேண்டிய மேல்தட்டிலா? அவற்றில் நாலைந்தை எடுத்துப் பக்கங்களை எண்ணுங்கள். அச்சில் தாளை மடித்துத் தைக்கும் முறையால் குழந்தை நூல்கள் பெரும்பாலும் 16, 24, 32 பக்கங்களில் வரும். நான் 32 பக்கத்தை அளவாக எடுத்துக்கொள்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஐந்து பக்கம் என்றால் 25. சனிக்கிழமை பள்ளி இல்லாத நாளில் மீதி ஏழு. ஞாயிறு எடுத்து வந்த அன்று படம் பார்த்தாலே போதும். ஐந்து பக்கம் என்பது, எழுத்துக்கூட்டிப் படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டக்கூடிய அளவு. வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையை மனத்தில் வைத்து அளவைத் தீர்மானித்தால் மற்றவர்கள் புதன்கிழமையோடு நின்றுவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. அந்தத் தட்டில் உண்மையாகவே இருக்கும் ஒரு கதையைப் பாட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஆனைக் கதை இருந்தால் ஆனை, நரிக் கதை இருந்தால் நரி. விழா முடிந்ததும் பிள்ளைகள் அதைத்தான் கேட்டு வருவார்கள்.

கும்மியின் கணக்கு

வெண்பாவுக்கும் விருத்தத்துக்கும் நேரசை, நிரையசை என்று பிரித்துப் பார்க்கிறோம். கும்மி போன்ற சிந்து வகைப் பாட்டுகளில் அந்தக் கணக்கு வேண்டாம். புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிடுங்கள். மற்ற ஒவ்வோர் எழுத்தும், குறிலானாலும் நெடிலானாலும், ஓர் அசை. கும்மியில் மூன்று அசை சேர்ந்தது ஒரு சீர். இதை மும்மை நடை என்பார்கள். எட்டுச் சீர் கொண்டது ஓர் அடி. அதை நாலும் நாலுமாக இரண்டு வரியில் எழுதுகிறோம். ஒரு சீருக்கு ஒரு கைத்தட்டு.

எட்டாவது சீரில் மட்டும் பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்து இருக்கும். மீதி இரண்டு எழுத்தின் நேரத்தை இழுத்துப் பாடி நிரப்ப வேண்டும். அந்த இழுப்பில்தான் பாடுகிறவர்கள் மூச்சு வாங்குவார்கள். ஆகவே முதல் வரியில் 12 எழுத்து, இரண்டாம் வரியில் 10 எழுத்து. இந்த இரண்டு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் யாப்பிலக்கணம் படிக்காதவரும் கும்மி எழுதலாம்.

ஒரு வரியைப் பிரித்துக் காட்டுகிறேன்:

ஞாயிறு / காலையில் / நூலகம் / போகலாம்
நம்பெயர் / அட்டையும் / காத்திருக் / கும்

ஞா-யி-று மூன்று, கா-லை-யில் மூன்று, நூ-ல-கம் மூன்று, போ-க-லாம் மூன்று. அடுத்த வரியில் நம்-பெ-யர், அட்-டை-யும், காத்-தி-ருக், பிறகு 'கும்' ஒன்று. இப்போது மேலே பார்த்த 'அறிவு வளரவே நூலகம் சென்றிடு' என்பதை எண்ணுங்கள். அ-றி-வு மூன்று, வ-ள-ர-வே நாலு. மூன்று எழுத்து வர வேண்டிய தட்டுக்குள் நாலு எழுத்து நுழைகிறது. மேசையில் உட்கார்ந்து படித்தால் இது தெரியாது. இருபது பிள்ளைகள் வட்டமாக நின்று தட்டும்போது பாதிப் பேர் 'ர'வில் தட்டுவார்கள், பாதிப் பேர் 'வே'யில் தட்டுவார்கள்.

கும்மியைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழைக் காலம். விழா நடுவில் மின்சாரம் போகும், மைக் நின்றுவிடும். புதுக்கவிதையை மைக் இல்லாமல் மேடையில் படித்தால் மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. கும்மிக்கு மைக் வேண்டாம்.

மோனை எங்கே, எதுகை எங்கே

கும்மிக்கு மிகவும் தேவையானது மோனை. முதல் சீரின் முதல் எழுத்தும் ஐந்தாம் சீரின் முதல் எழுத்தும், அதாவது இரண்டு வரிகளின் தொடக்கமும், ஒத்திருக்க வேண்டும். பிள்ளைக்கு இரண்டாம் வரி மறந்துபோனால் மோனைதான் எடுத்துக் கொடுக்கும்.

அதே எழுத்துதான் வர வேண்டும் என்பதில்லை. உயிரெழுத்தில் அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்யில் ச-வும் த-வும், ஞ-வும் ந-வும், ம-வும் வ-வும் ஒன்றுக்கொன்று மோனையாக வரும். மேலே 'ஞாயிறு', 'நம்பெயர்' என்று வந்தது இந்தக் கணக்கில்தான். 'வெள்ளி'க்கு 'வீட்டிலே' பொருந்தும், ஏனென்றால் எ-வும் ஈ-யும் ஓர் இனம். 'வெள்ளி'க்கு 'வாசல்' பொருந்தாது. எழுத்து ஒன்றுபோலத் தெரிந்தாலும் காதுக்கு ஒட்டாது.

எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து ஒத்து வருவது, கண்ணியின் இரண்டு அடிகளுக்கு இடையே கிடைத்தால் நல்லது. (இரண்டு அடி சேர்ந்தது ஒரு கண்ணி.) ஞாயிறு – ஆயிரம், மீண்டும் – ஆண்டு என்பன போல. கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். எதுகைக்காக 'செவ்வாய்'க்கு 'ஒவ்வாத' என்று தேடிப் பிடித்தால் பொருள் கெட்டுப்போகும். அடியின் கடைசிச் சொல் ஒலி ஒத்து வந்தால், அதாவது இயைபு இருந்தால், காதுக்கு அதுவே போதும்.

நாட்களைப் பாட்டுக்குள் வைப்பது

வாரம் முழுவதையும் பாட வேண்டும் என்பதால் கிழமைப் பெயர்கள் எப்படி உட்காருகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். நல்ல வேளையாக ஞாயிறு, வியாழன் இரண்டும் அப்படியே மூன்றெழுத்து. திங்கள், செவ்வாய், புதன், வெள்ளி நான்கும் '‑இல்' சேர்ந்தால் மூன்று: திங்களில், செவ்வாயில், புதனில், வெள்ளியில். ஆறு நாள் சிக்கலில்லாமல் வந்துவிட்டது.

சிக்கல் சனியில்தான், எல்லோருக்கும் தெரிந்தபடி. 'சனியன்று' என்றால் நாலெழுத்து. அதோடு, பிள்ளைகள் 'சனியன்' என்ற இடத்தில் நிறுத்திப் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாட்டு அங்கேயே குலைந்துவிடும். 'சனிக்கிழமைக்குள்' என்று முழுதாகப் போட்டால் ச-னிக்-கி, ழ-மைக்-குள் என்று சரியாக இரண்டு சீர் ஆகிவிடுகிறது. 'அதற்குள் முடித்துவிட வேண்டும்' என்ற கெடுவும் உள்ளே வந்துவிடுகிறது.

வியாழனில் ஓர் எச்சரிக்கை. எழுத்தில் வி-யா-ழன் என்று மூன்று இருந்தாலும் பேச்சில் பலர் 'வ்யாழன்' என்று இரண்டாகச் சுருக்கிவிடுவார்கள். உங்கள் பிள்ளைகள் அப்படிச் சொல்கிறார்களா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சுருக்கினால் 'வியாழனில்' என்று எழுதுங்கள். தாளில் நாலு, வாயில் மூன்று. எண்ணிக்கை கடைசியில் வாய்க்கும் காதுக்கும்தான் சரியாக வர வேண்டும்.

எழுதுவதும் வெட்டுவதும்

இப்போது ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காட்சி வேண்டும். காட்சி ஊரிலிருந்து வரட்டும். நான் குறித்துக்கொண்டவை இவை: ஞாயிறு உறுப்பினர் அட்டையோடு நூலகம், திங்கள் ஐந்து பக்கம் படித்துத் திண்ணையில் பாட்டிக்குக் கதை சொல்வது, செவ்வாய் பாட்டியே மீதியைக் கேட்பது, புதன் மின்வெட்டு, வியாழன் மழை, வெள்ளி நூலகம் பூட்டு, சனி முடிப்பது. பாட்டியைக் கொண்டுவந்ததற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைக்கு இரண்டாம் நாள் ஆர்வம் குறையும். கதையை யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் அது தொடரும். பாட்டில் பாட்டி கேட்டால், வீட்டிலும் 'மீதிக் கதை கேளு பாட்டி' என்று பிள்ளை போய் நிற்க வாய்ப்பிருக்கிறது.

வியாழக்கிழமைக்கு நான் முதலில் நினைத்தது மழையில் சூடான சுண்டலோடு படிப்பது. அதைவிடத் தேவையானது ஒன்று தோன்றியது. எந்தப் பிள்ளையும் வாரம் முழுவதும் தவறாமல் ஐந்து பக்கம் படிக்காது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் 'அவ்வளவுதான், இந்த வாரம் போச்சு' என்று புத்தகத்தை மூடிவிடும். அதனால் 'விட்டதைச் சேர்த்துப் படித்து வைப்போம்' என்று வியாழனிலேயே ஒரு வழி திறந்து வைத்தேன்.

எழுதும்போது மூன்று விதமான இடங்களில் வெட்ட வேண்டியிருக்கும்.

ஒன்று, 'இடு' நோய். சென்றிடு, படித்திடு, வாங்கிடுவோம், ஏந்திடுவோம். ஓர் எழுத்துக் குறைந்தால் நிரப்ப இதைப் போலச் சுலபமான சொல் வேறில்லை. அதனால்தான் விழாக் கவிதைகளில் இது புற்றாகப் பரவுகிறது. எந்தப் பிள்ளையும் 'நான் கடைக்குச் சென்றிடுவேன்' என்று பேசாது. 'இடு' வந்த இடத்தில் எல்லாம் அந்த வரியில் சொல்ல ஏதோ குறைகிறது என்று பொருள். ஞாயிற்றுக் கண்ணியில் எனக்கு வந்த முதல் வரி 'நாமொரு புத்தகம் வாங்கிடுவோம்'. 'இடு'வை எடுத்துவிட்டு, நூலகத்தில் பிள்ளைக்கு என்ன காத்திருக்கும் என்று யோசித்தபோது அதன் பெயர் எழுதிய அட்டை நினைவுக்கு வந்தது.

இரண்டு, சேர்த்து எழுதிய நீண்ட சொல். 'ஒன்றிரண் டென்றெண்ணிக் கையைத் தட்டு' என்று ஒரு வரி. எண்ணிக்கை சரி: ஒன்-றி-ரண், டென்-றெண்-ணிக். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இதைப் பார்த்ததும் திணறும். ஆசிரியர் உதவிக்கு வந்து 'ஒன்று இரண்டு என்று எண்ணி' என்று பிரித்துச் சொல்லிக் கொடுப்பார். அவ்வளவுதான், ஆறெழுத்து ஒன்பதாகிவிடும். குற்றியலுகரத்தில் முடியும் சொல்லோடு உயிரெழுத்தில் தொடங்கும் சொல் சேர்கிற இடமெல்லாம் இந்த ஆபத்து உண்டு. 'நாம் ஒரு' என்பதை 'நாமொரு' என்று எழுதினாலும் பிரித்தாலும் மூன்றுதான், அதில் கவலையில்லை. நான் 'ஓங்கிநீ பாட்டுக்குக் கையைத் தட்டு' என்று மாற்றிக்கொண்டேன்.

மூன்று, கணக்கில் பெருமை. வருடத்துக்கு 52 வாரம், ஆகவே 'ஆண்டுக்குள் ஐம்பது' என்று எழுதக் கை ஓடும். நூலக வாரம் முடிந்து சில வாரத்திலேயே அரையாண்டுத் தேர்வு. பிறகு பொங்கல், ஊர்த் திருவிழா, முழு ஆண்டுத் தேர்வு. ஐம்பது என்று சொல்லிவிட்டால் டிசம்பரிலேயே பிள்ளை தோற்றுவிட்டதாக நினைக்கும். 'நாற்பது' என்று மாற்றினேன். ஐ-ம்-ப-து, நாற்-ப-து இரண்டும் புள்ளி நீங்கலாக மூன்றெழுத்தே. ஓசைக்கு ஒரு குறையும் வரவில்லை.

தேசிய நூலக வாரம் என்றதும் சீர்காழியில் பிறந்த நூலக இயல் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதனைப் பற்றியும் ஒரு கண்ணி வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். அவருடைய பிறந்த நாளான ஆகஸ்ட் 12 நூலகர் தினமாகத் தனியே கொண்டாடப்படுகிறது. அவர் பாட்டுக்கு அந்த நாள் இருக்கிறது. வரலாறு சொல்லியே ஆக வேண்டும் என்றால் பாட்டுக்கு முன் பேசுகிறவர் இரண்டு வாக்கியம் சொல்லட்டும். 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள் என்பதும், 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது என்பதும் பேச்சில் நன்றாக இருக்கும். பாட்டுக்குள் ஆண்டும் பெயரும் வந்தால் அது தேர்வுக்குப் படிக்கும் பாட்டாகிவிடும்.

முழுப் பாட்டு

வாரமோர் புத்தகம் வாரமோர் புத்தகம் –
வாசித்துச் சொல்லியே கும்மி கொட்டு!
ஓரமாய் நிற்கிற தங்கச்சி நீயும் வா –
ஓங்கிநீ பாட்டுக்குக் கையைத் தட்டு!

ஞாயிறு காலையில் நூலகம் போகலாம் –
நம்பெயர் அட்டையும் காத்திருக்கும்!
ஆயிரம் நூலிலே ஆனைக் கதையொன்று –
அடித்தட்டில் நம்மைப் பார்த்திருக்கும்!

திங்களில் பக்கங்கள் ஐந்து படித்தபின் –
திண்ணையில் பாட்டிக்குச் சொல்லி வைப்போம்!
செவ்வாயில் பாட்டியே மீதியைக் கேட்பாளே –
சேர்த்தின்னும் ஐந்துபக்கம் முடிப்போம்!

புதனில் மின்சாரம் போனாலும் போகட்டும் –
பூவரசம் நிழல் போதுமென்போம்!
வியாழன் தூறினால் வீட்டுக்குள் உட்கார்ந்து –
விட்டதைச் சேர்த்துப் படித்து வைப்போம்!

வெள்ளியில் நூலகம் பூட்டி யிருந்தாலும் –
வீட்டிலே புத்தகம் வாய் திறக்கும்!
சனிக்கிழமைக்குள் முப்பத்தி ரண்டுமே –
சத்தமே இல்லாமல் தீர்ந்திருக்கும்!

மீண்டுமோர் ஞாயிறு புத்தகம் மாற்றலாம் –
மேல்தட்டும் கைக்கெட்டும் நாளைக்குத் தான்!
ஆண்டுக்குள் நாற்பது ஆகுமே கூட்டிப்பார் –
அத்தனை ஆனையும் நம்மிடந் தான்!

சில இடங்களில் சொல் சீரின் எல்லையில் உடைகிறது. 'ஐந்து படித்தபின்' என்பது ஐந்-து-ப, டித்-த-பின் என்று பிரியும். இது கும்மியில் வழக்கம்தான். தட்டு நடுவில் விழுந்தாலும் பாடும்போது சொல் ஒன்றாகவே கேட்கும். ஆனால் முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் சொல்லை உடைக்காதீர்கள். அங்கே பிள்ளைகள் நிறுத்துவார்கள். உடைந்த சொல் இரண்டு துண்டாகவே கேட்கும்.

'மின்சாரம்' உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வாயில் வராது என்றால் 'கரண்டு' என்று மாற்றிக்கொள்ளலாம். க-ரண்-டு, அதே மூன்று.

பிள்ளையிடம் கொடுத்துப் பார்ப்பது

பாட்டை நீங்கள் பாடிக் காட்டிவிட்டு 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். சார் கேட்டால் 'சூப்பர் சார்' என்றுதான் பதில் வரும். தாளைக் கையில் கொடுத்து, மெட்டுச் சொல்லாமல், வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையிடம் வேண்டாம். சுமாராகப் படிக்கும் மூன்றாம், நாலாம் வகுப்புப் பிள்ளையிடம். நீங்கள் இன்னொரு தாளை வைத்துக்கொண்டு, எங்கே நிற்கிறது, எங்கே திரும்பப் படிக்கிறது என்று கோடு போடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு பிள்ளைகள் நின்றால் அந்த வரி மாற வேண்டும். 'சேர்த்தின்னும்' என்ற இடத்தில் நிற்கலாம். அப்படியானால் 'சேர்ந்துநாம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றெழுத்து, மோனையும் கெடாது.

பிறகு கைத்தட்டோடு பாட விடுங்கள். இப்போது எழுத்தைப் பார்க்காமல் கைகளைப் பாருங்கள். எல்லாக் கையும் ஒன்றாக விழுந்தால் சீர் சரி. எங்காவது சலசலப்பாகக் கேட்டால், அந்தச் சீரில் எழுத்து மிகுந்திருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. எழுத்துக் குறைந்த சீரில் தட்டு முந்தி விழும். மிகுந்த சீரில் பிந்தி விழும். இந்த அடையாளம் தெரிந்தால் எண்ணிப் பார்க்காமலே பழுதைக் கண்டுபிடிக்கலாம்.

கடைசியாக, பாடி முடித்ததும் ஒரு கேள்வி: "நூலகத்துக்கு என்னிக்குப் போகணும்? ஒரு நாளைக்கு எத்தனை பக்கம்?" இரண்டுக்கும் பாட்டிலிருந்தே பதில் வந்தால் போதும். 'அறிவு வளரும் சார்' என்று வந்தால், அது நீங்கள் சொன்னதில்லை; வேறு எங்கோ கேட்டது. உங்கள் வரி காதில் ஏறவில்லை.

மேடைக்குக் கொண்டுபோவது

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாளில் சீர் பிரிக்கும் கோடுகளைப் போடாதீர்கள். கோட்டைப் பார்த்தால் சொல்லை வெட்டி வெட்டிப் படிப்பார்கள். மேலே இருப்பது போல இரண்டு இரண்டு வரியாக, கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

முதல் கண்ணிதான் பல்லவி. பாட்டின் தொடக்கத்தில் ஒரு தடவையும் ஒவ்வொரு கண்ணிக்குப் பிறகும் ஒரு தடவையும் எல்லோரும் சேர்ந்து பாடட்டும். மற்ற ஐந்து கண்ணிகளை ஐந்து பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒரு கண்ணிக்கு 16 தட்டு. பல்லவி ஆறு தடவை, கண்ணி ஐந்து என்றால் மொத்தம் 176 தட்டு. நொடிக்கு ஒரு தட்டு என்று வைத்தால் சுமார் மூன்று நிமிடம். இதற்கு மேல் நீண்டால் வட்டத்தில் சின்னப் பிள்ளைகள் தட்டுவதை நிறுத்திவிடுவார்கள்.

உங்கள் நூலகத்துக்கு வெள்ளி விடுமுறை இல்லை, திங்கள்தான் விடுமுறை என்றால் 'வெள்ளியில் நூலகம்' என்ற வரியைத் தூக்கித் திங்களுக்கு மாற்றலாம் என்று தோன்றும். மாற்றினால் மோனை போய்விடும். 'திங்களில்' என்று தொடங்கினால் 'வீட்டிலே' நிற்காது. பதிலாக 'வெள்ளியில் நூலகம் தூரமாய் இருந்தாலும்' என்று எழுதவும் முடியாது, 'இருந்தாலும்' நாலெழுத்து. 'வெள்ளியில் நூலகம் போகாமல் போனாலும்' என்றால் எண்ணிக்கையும் சரி, பொருளும் சரி. ஞாயிறு மூடியிருக்கும் நூலகம் என்றால் பாட்டை வேறு நாளில் தொடங்கி முதலிலிருந்து எழுதுவதே நல்லது. அங்கங்கே ஒட்டுப் போட்டால் நாள் வரிசை குழம்பும்.

ஆனைக்குப் பதில் நரி வேண்டும் என்றால் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும்: 'நரிக்கதை யொன்று', கடைசியில் 'அத்தனை நரியும்'. இரண்டும் கணக்கில் பொருந்தும். முயலுக்கும் அப்படியே 'முயல்கதை', 'முயலும்' என்று வைக்கலாம். குரங்கு வைத்தால் முதல் இடத்தில் 'குரங்குக் கதை' ஓர் எழுத்து மிகும். அதற்கு மட்டும் வரியைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

தலைவர் பேச்சு நீண்டு நேரம் குறைந்து, 'ரெண்டு கண்ணி போதும்' என்று யாராவது காதில் சொன்னால், பல்லவியோடு ஞாயிறு, திங்கள் கண்ணிகளைப் பாடிவிட்டு இறங்கிவிடுங்கள். அட்டை, அடித்தட்டு, ஐந்து பக்கம், பாட்டி நாலும் அதிலேயே வந்துவிடுகின்றன.